ஆய்வு முன்மொழிவுச் சுருக்கம்: தருமபுரிக் கிணற்று நீரில் ஃப்ளூரைடை நீக்கும் அலுமினா, பத்தாவது மீளாக்கத்திலும் வேலை செய்யுமா?

சமர்ப்பிக்கப்படுவது: துறை ஆய்வுக் குழு
பட்டப் படிப்பு: முதுநிலை அறிவியல், சுற்றுச்சூழல் வேதியியல், இரண்டாம் ஆண்டு
ஆய்வுக் காலம்: 8 மாதங்கள்
கோரும் தொகை: ரூ.47,000

பிரச்சினை

நான் பென்னாகரம் பக்கத்துப் பெண். பழுப்புக் கறை படிந்த முன்பற்களை உதட்டால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளோடு பள்ளியில் படித்தேன். அந்தக் கறைக்குக் காரணம் குடிநீரில் இருந்த ஃப்ளூரைடு என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தின் அடிநிலம் நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறை. அவற்றிலுள்ள ஹார்ன்பிளெண்டு, பயோடைட், அபடைட் ஆகிய கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. கால்சியம் குறைவாகவும் சோடியம் பைகார்பனேட் மிகுதியாகவும் உள்ள நீரில் அது வீழ்படிவாகாமல் கரைந்தபடியே தங்கிவிடுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஃப்ளூரைடை ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. கடந்த கோடையில் மூன்று ஆழ்துளைக் கிணறுகளில் நானே மாதிரி எடுத்து அளந்தேன். கிடைத்த மதிப்புகள் 1.9, 2.8, 4.1. மூன்றிலும் பி.எச். 7.8க்கு மேல் இருந்தது. காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 380 முதல் 510 மில்லிகிராம். இந்த ஆய்வு முழுவதும் இந்தக் காரத்தன்மையைச் சுற்றியே நடக்கும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி நீர் மாவட்டத்துக்குள் வந்திருப்பது பெரிய மாற்றம். ஆனாலும் குழாயில் நீர் வராத நாளில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் பழைய கிணற்றையே நாடுகின்றன. அந்த நாட்களுக்கான வீட்டு வடிகட்டியைத்தான் நான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

ஏன் அலுமினா, எங்கே சிக்கல்

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறைக்கு அன்றாடம் அளந்து கலக்கும் ஆள் வேண்டும், சகதியும் சேரும். எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி மின்சாரம் கேட்கிறது, நீரிலும் ஒரு பங்கை வீணாக்குகிறது. எலும்புக் கரியைப் பல வீடுகள் ஏற்பதில்லை. செயலூட்டிய அலுமினா மணிகளுக்கு இந்தத் தடைகள் இல்லை. நீர் ஊடே வடிந்தால் போதும். மணியின் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் இடங்களில் ஃப்ளூரைடு போய் அமர்ந்துகொள்ளும்.

இந்தப் பரப்புக் கவர்தல் பி.எச். 5.5 முதல் 6.5 வரை மிக நன்றாக நடக்கிறது. பி.எச். 8ஐ நெருங்கும்போது பரப்பின் நேர்மின்னூட்டம் குறைந்துவிடுகிறது. பைகார்பனேட்டும் சிலிக்கேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. வாலை வடித்த நீரில் சோடியம் ஃப்ளூரைடைக் கரைத்துச் செய்யும் சோதனையில் இவை எதுவும் தலைகாட்டாது. அங்கே கிடைக்கும் அழகான கொள்ளளவை நம்பி வடிகட்டியை வடிவமைத்தால் ஊரில் அது ஏமாற்றும்.

நிறைவுற்ற மணிகளைக் காஸ்டிக் சோடாவால் கழுவி, பிறகு கந்தக அமிலத்தால் நடுநிலையாக்குவது வழக்கமான மீளாக்க முறை. எங்கள் உறவினர் வீட்டுப் பரணில் ஒரு அலுமினா வடிகட்டி கிடக்கிறது. முதல் சில மாதங்கள் நன்றாக ஓடியது. மணிகளை மீளாக்க வேண்டிய நாள் வந்தபோது அமிலத்தைத் தொட யாரும் துணியவில்லை. அந்த வடிகட்டிதான் இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது.

ஆய்வுக் கேள்வி

உண்மையான கிணற்று நீரில், நீரின் பி.எச். மதிப்பைத் தொடாமல், கந்தக அமிலத்துக்குப் பதில் படிகாரக் கரைசலால் நடுநிலையாக்கினால், பத்துச் சுற்றுக்குப் பிறகு அலுமினாவின் திறன் எவ்வளவு எஞ்சும்?

படிகாரக் கரைசல் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. மணியின் நுண்துளைகளில் தங்கிய காரத்தை அது நடுநிலையாக்கும். உள்ளே படியும் புது அலுமினியம் ஹைட்ராக்சைடு கூடுதலாக ஃப்ளூரைடைப் பிடிக்கும் என்பது என் கருதுகோள். அதே படிவு உதிர்ந்து குடிநீரில் அலுமினியமாக இறங்கக்கூடும் என்பது என் அச்சம். இரண்டையும் ஒருசேர அளக்காமல் இந்த முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செயல்முறை

முதல் இரண்டு மாதங்கள் குலுக்கல் சோதனைகள். ஃப்ளூரைடு கலந்த வாலை வடிநீர், அதே நீரில் படிப்படியாகச் சேர்த்த பைகார்பனேட்டும் சிலிக்கேட்டும், கிணற்று நீர் என மூன்று வகை நீர். எல்லாம் பாலித்தீன் குப்பிகளில். லாங்முயர், ஃபிராய்ண்ட்லிச் சமன்பாடுகளில் தரவைப் பொருத்தி, காரத்தன்மை கூடக்கூடக் கொள்ளளவு எப்படி இறங்குகிறது என்று வரைவேன்.

அடுத்த நான்கு மாதங்கள் ஆய்வின் இதயம். 1.5 செ.மீ. உள்விட்டமுள்ள இரண்டு அக்ரிலிக் குழாய்களில் 20 செ.மீ. உயரத்துக்கு 0.4 முதல் 0.6 மி.மீ. வரையான மணிகளை நிரப்புவேன். படுகையின் கனஅளவு சுமார் 35 மி.லி. நிமிடத்துக்கு 3.5 மி.லி. நீரை விட்டால் படுகை அளவில் கணக்கிட்ட தொடுநேரம் 10 நிமிடம். வெளிவரும் நீரில் ஃப்ளூரைடு 1.0ஐத் தொட்டதும் ஒரு சுற்று முடியும், 1.5 வரை காத்திருக்க மாட்டேன். ஒரு சுற்றுக்கு 10 முதல் 20 லிட்டர் செலவாகும் என மதிப்பிடுகிறேன். பத்துச் சுற்றுக்கு இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து 400 லிட்டர்வரை கிணற்று நீர் வேண்டும், அதாவது இருபது கேன். அதை 2.8 மில்லிகிராம் உள்ள ஒரே கிணற்றிலிருந்து கொண்டுவருவேன்.

இரண்டு குழாய்களையும் 1 விழுக்காடு காஸ்டிக் சோடாவால் கழுவுவேன். பிறகு ஒன்றை நீர்த்த கந்தக அமிலத்தாலும் மற்றொன்றை 2 விழுக்காடு படிகாரக் கரைசலாலும் நடுநிலையாக்குவேன். ஃப்ளூரைடை அயனித் தேர்வு மின்வாயால் அளப்பேன். அலுமினியம் ஃப்ளூரைடைப் பிணைத்து அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் அயனிச் செறிவுச் சீராக்கிக் கரைசலைத் தவறாமல் சேர்ப்பேன். அலுமினியத்தை ஒவ்வொரு சுற்றின் முதல் லிட்டரிலும் கடைசி லிட்டரிலும் வெளி ஆய்வகத்தில் சோதிப்பேன். மணிகளின் மேற்பரப்பளவைத் தொடக்கத்திலும், ஐந்தாம், பத்தாம் சுற்றுகளுக்குப் பிறகும் பார்ப்பேன்.

கழிவுக் கரைசலைச் சாக்கடையில் விட முடியாது. கால்சியம் குளோரைடு சேர்த்துக் கால்சியம் ஃப்ளூரைடாக வீழ்படிவாக்கினாலும் கரைசலில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் ஃப்ளூரைடு எஞ்சும். அந்த மிச்சத்தைத் தட்டுகளில் ஆவியாக்கி, உலர்ந்த திண்மத்தை எடைபோட்டுக் கணக்கில் வைப்பேன்.

முன்கூட்டியே வகுத்த அளவுகோல்

பத்தாவது சுற்றில் முதல் சுற்றின் கொள்ளளவில் 70 விழுக்காடாவது எஞ்ச வேண்டும். வெளிவரும் நீரில் அலுமினியம் எந்தச் சுற்றிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏற்கத்தக்க அளவான 0.03ஐ எட்டினால் நல்லது. படிகாரக் குழாய் இந்த இரண்டாவது வரம்பில் தோற்றால், அதன் கொள்ளளவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த முறையை நிராகரித்து அப்படியே எழுதுவேன். அந்த முடிவும் பயனுள்ளதே. வேறொருவர் அதே வழியில் போய் நாளை வீணாக்க வேண்டியிருக்காது.

கடைசி இரண்டு மாதங்கள் தரவுப் பகுப்பாய்வுக்கும் ஆய்வேடு எழுதவும்.

செலவு

இரு வழி நுண்குழாய்ப் பம்பு ரூ.18,000, வெளி ஆய்வகச் சோதனைகள் ரூ.14,000, அலுமினாவும் வேதிப்பொருள்களும் ரூ.9,000, நீர் எடுத்துவரும் பயணமும் கேன்களும் ரூ.6,000. மின்வாயும் குலுக்கியும் துறையிலேயே உள்ளன. பம்பு கிடைப்பது தாமதமானால் மேல்தொட்டியும் ஊசி வால்வும் வைத்துச் சோதனையைத் தொடங்கலாம். ஓட்டத்தை நாளுக்கு நான்கு முறை அளந்து திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கிணற்றுக்காரர்களின் ஒப்புதல் பெற்றுவிட்டேன். அவர்களின் நீரில் நான் அளந்த மதிப்புகளை ஆய்வேடு முடியும்வரை தள்ளிப்போடாமல், ஒவ்வொரு அளவீடும் உறுதியானதும் அவர்கள் வீட்டுக்கே சென்று தமிழில் எழுதிக் கொடுப்பேன்.