கிராம சபைக் கூட்ட அறிவிப்பு: கீழநெடுங்குளம் ஊராட்சி, சிவகங்கை மாவட்டம்

கீழநெடுங்குளம் ஊராட்சிப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

கிராம சபை கூடுகிறது.
தேதி: அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி. திங்கட்கிழமை.
நேரம்: காலை 11 மணி.
இடம்: புதுக்குடியிருப்பு, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, வேப்பமரத்தடி.

மறுபடியும் சொல்கிறோம். அக்டோபர் 2, திங்கட்கிழமை, காலை 11 மணி. புதுக்குடியிருப்புப் பள்ளி வேப்பமரத்தடி. போன தடவை கூடிய ஊராட்சி அலுவலக வாசல் இல்லை. இந்த முறை புதுக்குடியிருப்பு.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஆணும் பெண்ணும், எந்தத் தெருவில் குடியிருந்தாலும், எல்லோருக்கும் ஒரே உரிமை. யாரும் அழைக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இதுதான் அழைப்பு.

இந்தக் கூட்டத்தில் முதலில் பேசப்போவது நம் பெரிய கண்மாய்.

ஐப்பசி மழைக்கு நாள் நெருங்கிவிட்டது. நடு மடையில் பலகை உளுத்துப்போய், போன வருடம் சாக்கில் மண் கட்டித் திணித்துத்தான் தண்ணீரை நிறுத்தினோம். தைக்கு முன்பே சாக்கு பிய்ந்து, கதிர் முற்ற வேண்டிய தண்ணீர் ஓடையில் போனது. கடைமடைக்காரர்களின் பயிர் காய்ந்தது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. கழுங்குப் பக்கம் கரை அரித்திருக்கிறது.

இது 82 ஏக்கர் பாசனமுள்ள ஒன்றியக் கண்மாய். 100 ஏக்கருக்கு உட்பட்ட கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மடை கட்டவும் வரத்துக்கால் வெட்டவும் ஒன்றியத்திடம் கேட்க வேண்டும். டீக்கடையில் பேசினால் ஒன்றியத்துக்குக் கேட்காது. கிராம சபைத் தீர்மானமாக எழுதிப் போக வேண்டும். ஆயக்கட்டுதாரர்களும் நீர்பாய்ச்சிகளும் அவசியம் வாருங்கள். எந்த மடையில் எவ்வளவு கசிகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது குடிதண்ணீர். மேல்நிலைத் தொட்டியை மாதத்தில் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவ வேண்டும். கழுவிய தேதி தொட்டியில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் தெருத் தொட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். குழாய் இருந்தும் தண்ணீர் ஏறாத வீட்டுக்காரர்கள் தெருப் பெயரோடு சொல்லுங்கள். மேற்குத் தெருத் தாய்மார்கள் குடத்தோடு காத்துக் கிடப்பது எங்களுக்குத் தெரியும். அது நோட்டில் ஏற வேண்டும்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஊராட்சியின் வரவும் செலவும் வாசிக்கப்படும். அதே கணக்கு பள்ளிச் சுவரில் பேனராகவும் தொங்கும். புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள். கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. அடுத்த ஆண்டு ஊராட்சி வளர்ச்சித் திட்டம், தெருவிளக்கு, சாக்கடை, டெங்கு கொசு ஒழிப்பு ஆகியவையும் உண்டு. முழுப் பொருள் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறது.

தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள்.

நம் ஊராட்சியில் மக்கள்தொகை 3,000-க்கு மேல். ஆகவே குறைந்தது 200 பேர் வர வேண்டும். 200 பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.

ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியிலேயே கிளம்பினார்கள். தீர்மானம் வாசித்தபோது பாதி நாற்காலி காலி. இந்த முறை தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து வாங்கப்படும். நீங்கள் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுப் போடுங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லுங்கள், சேர்த்து எழுதுவோம். கைநாட்டு வைப்பவர்களுக்குத் தீர்மானம் தனியாக ஒரு முறை வாசித்துக் காட்டப்படும்.

பந்தல் உண்டு. குடிதண்ணீர் உண்டு. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் முன்வரிசை நாற்காலி. நடக்க முடியாதவர்களை அழைத்துவர, காலை 10 மணிக்குக் கிழக்குத் தெருப் பால் டெப்போ முன்பு ஊராட்சி ஆட்டோ நிற்கும். கட்டணம் இல்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சமையலை முடித்துவிட்டு வரத்தான் 11 மணி. தண்ணீர்ப் பாடு உங்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். வீட்டுக்காரர் போகிறார் என்று இருந்துவிடாமல் நீங்களே வந்து பேசுங்கள்.

மீண்டும் ஒரு முறை.
கிராம சபைக் கூட்டம்.
அக்டோபர் 2, திங்கட்கிழமை.
காலை 11 மணி.
புதுக்குடியிருப்புப் பள்ளி, வேப்பமரத்தடி.

ஊராட்சி மன்றத் தலைவர்
கீழநெடுங்குளம் ஊராட்சி
25.09.2023

(இதே அறிவிப்பு பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பால் டெப்போ, புதுக்குடியிருப்பு அங்கன்வாடிச் சுவர்களில் ஒட்டப்பட்டுள்ளது. ஒலிபெருக்கி ஆட்டோ அக்டோபர் 1 மாலையும் 2ஆம் தேதி காலையும் எல்லாத் தெருவுக்கும் வரும்.)