சாப்பாடு எப்படி இருந்தது, சொல்லுங்களேன்

வணக்கம். மதுரை அண்ணா நகரில் புதிதாகத் திறந்த எங்கள் கஃபேக்கு வந்து சாப்பிட்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நேரம் இருந்தால், மனதில் பட்டதை அப்படியே எழுதுங்கள். காபியில் டிகாஷன் தூக்கலா, குழிப்பணியாரம் சூடாக வந்ததா, சாயங்காலக் கூட்டத்தில் ரொம்பக் காக்க வைத்துவிட்டோமா? முக்கியமாகக் காரச் சட்னி. சிலர் இன்னும் உறைப்பு வேண்டும் என்கிறார்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் நாக்கு என்ன சொல்கிறது?

பாராட்டித்தான் எழுத வேண்டும் என்றில்லை. குறை தெரிந்தால்தானே அடுப்படியில் சரிசெய்ய முடியும்?

இந்தப் பதிவின் கீழே எழுதலாம், மெசேஜ் அனுப்பலாம், கல்லாவில் இருப்பவரிடம் நேரிலும் சொல்லலாம். எழுதத் தோன்றவில்லையா, அதுவும் சரி. அடுத்த முறை வரும்போது நிம்மதியாக ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள்.