சீட்டில் எழுதும் அந்த ஒரு வரி

எல்லாருக்கும் காலை வணக்கம். தலைமை ஆசிரியர் ஐயா, ஓவிய டீச்சர், அப்புறம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தரையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே! நான் உங்கள் ஊர் கிளை நூலகத்தின் நூலகர், உங்களில் பாதிப் பேரைச் சனிக்கிழமைகளில் பார்க்கிறவள்தான்.

இன்றைக்குப் போட்டி கொஞ்சம் வேறு மாதிரி. வழக்கமாக நாங்கள் ஒரு தலைப்புக் கொடுப்போம், நீங்கள் வரைவீர்கள். இன்று அந்தத் தலைப்பையே நீங்கள்தான் எழுதப் போகிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரே ஒரு குறிப்பு எழுதி இந்த டப்பாவில் போட வேண்டும், பிறகு குலுக்கி எடுத்து, யார் சீட்டு யாருக்கு வருகிறதோ அவர் அதற்குப் படம் வரைய வேண்டும். குறிப்புக்கும் பரிசு உண்டு, படத்துக்கும் உண்டு. நல்ல குறிப்புக்கு இரண்டு வேண்டும்: தெளிவு, புதுமை.

ஏன் இப்படி என்றால், போன வருடம் ஒரு போட்டியில் "தண்ணீரைச் சேமிப்போம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நான் நடுவராகப் போயிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் ஒரு குழாய், அதிலிருந்து ஒரு சொட்டு, கீழே இரண்டு கைகள். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. அந்தத் தலைப்பில் பார்க்க எதுவும் இல்லை, அதனால் எல்லாரும் ஏற்கெனவே சுவரில் பார்த்த படத்தையே திரும்ப வரைந்தார்கள். அதையே இப்படி எழுதியிருந்தால்? "விடிகாலை, தெருக்குழாயடியில் ஆள் யாரும் இல்லை, பத்துக் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன, பதினொன்றாவது இடத்தில் ஒரு ஒற்றைச் செருப்பு." இப்போது கண்ணை மூடுங்கள். தெரிகிறதா? குடத்தின் நிறம் தெரிகிறது, செருப்பு யாருடையது என்ற கேள்வியும் வருகிறது. தெளிவு என்று நான் சொல்வது இதைத்தான்: எந்த இடம், எந்த நேரம், யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது. அன்பு, ஒற்றுமை, முன்னேற்றம் என்றெல்லாம் எழுதினால் கை எதை வரையும்? அன்பை வரைய முடியாது, தம்பிக்குச் சூடான களியை ஊதி ஊட்டும் அக்காவை வரையலாம்.

அதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. சட்டைக்கு என்ன நிறம், மேகம் எத்தனை என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் வரைகிறவருக்கு என்ன மிச்சம்? அந்தச் செருப்பு யாருடையது என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். அது வரைகிறவர் இஷ்டம். 25 சொற்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, புதுமைக்கு வருகிறேன். "இயற்கைக் காட்சி வரை" என்றால் நம் எல்லாருக்கும் கை தானாகப் போகும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓடை, குடிசை, பக்கத்தில் தென்னை. நானும் பள்ளியில் அதைத்தான் வரைந்தேன். ஆனால் நம் தருமபுரியைச் சுற்றி இருக்கும் மலை அப்படியா இருக்கிறது? பாறையும் முள்ளும் புளியமரமுமாக இருக்கிறது! ஒகேனக்கல் என்றால் அருவியை எழுதுவீர்கள், அதை எல்லாரும் எழுதுவார்கள். பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து போகிறவரைப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு பெரிய கூடைக்குக் கால் முளைத்து நடப்பது போல இருக்கும். அதை எழுதுங்கள்.

இன்னொன்று. ஆறு தலை யானை ராக்கெட்டில் போகிறது என்று எழுதினால் அது புதுமை ஆகாது, சும்மா கலந்து போட்டது. உங்கள் கண் பார்த்ததில் மற்றவர் கவனிக்காத ஒன்றைப் பிடியுங்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நம் ஊர்க் கதை, கொடுக்கும் காட்சியை எல்லாரும் வரைந்தாகிவிட்டது. ஆனால் ஔவையார் புறநானூற்றில் பாடும்போது, அந்தக் கனி பெரிய மலையின் பிளவுக்குள் சிரமப்பட்டுப் பறித்தது, அந்த மரத்துக்குச் சின்னச் சின்ன இலை, அதன் பெருமையை அவன் வெளியே சொல்லவே இல்லை என்கிறார். அப்படியானால், கனியைக் கையில் மூடிக்கொண்டு அதியமான் தனியாக மலை இறங்கி வரும் அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்? கதை பழசு, குறிப்பு புதுசு.

மனதில் முதலில் வருவதை எழுதாதீர்கள். உங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்தது என்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் அதே வந்திருக்கும். கொஞ்சம் காத்திருந்தால் மூன்றாவதோ நான்காவதோ உங்களுடையதாக இருக்கும். எழுதியதும் ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கே படம் தெரியவில்லை என்றால் சீட்டை மாற்றிக் கேளுங்கள், நிறைய வெட்டி வைத்திருக்கிறேன்.

எழுத 20 நிமிடம், வரைய ஒன்றரை மணி நேரம். தேர்வாகும் படங்களை அதற்கான சீட்டோடு சேர்த்து நூலகச் சுவரில் ஒட்டுவேன், இரண்டு பேர் பெயரும் இருக்கும். கிரேயான் இல்லாதவர்கள் கை தூக்குங்கள். கடைசி வரிசை, சீட்டு வந்துவிட்டதா? சரி, ஆரம்பியுங்கள்.