ஞாயிறுதோறும் ஆடுபுலி ஆட்டம்

அன்புள்ள மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே செங்கோட்டையில் நானும் அம்மாவும் நலம். வாரம் ஒருமுறை நாம் இருவரும் சேர்ந்து ஏதாவது ஓர் ஆட்டம் ஆடலாம் என்று சென்ற வாரம் நீ சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா, அங்கே குளிரா, வேலை எப்படி என்று மூன்று கேள்விகளில் நம் பேச்சு முடிந்துவிடுவது எனக்குப் பல நாளாகவே வருத்தம். கையில் ஓர் ஆட்டம் இருந்தால் பேச்சு தானாக வரும். ஆகவே யோசித்து, ஆடுபுலி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

மற்றவற்றையும் எண்ணிப் பார்த்தேன். தாயத்துக்குக் கட்டையை உருட்ட வேண்டும். உருட்டுவது ஒருவர் வீட்டில், பார்ப்பது இன்னொருவர் வீட்டில் என்றால் அதில் சுவை இல்லை. பல்லாங்குழியில் 14 குழிகளுக்கும் முத்துகளைப் பிரித்துப் போடும்போது ஒரு முத்து தவறினாலும் உன் பலகையும் என் பலகையும் வேறுவேறாகிவிடும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. கேரம் செயலிகளில் ஆட்டத்தைவிட விளம்பரமே அதிகம். சதுரங்கத்தைத்தான் விட மனமில்லை. ஆனால் அதில் நாம் இருவரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம் என்பது உனக்கே தெரியும்.

ஆடுபுலிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். உச்சியில் ஒரு புள்ளி வை. அதிலிருந்து கீழ்நோக்கி நான்கு கோடுகளை விரித்து இழுத்து, அவற்றின் அடிநுனிகளை ஒரு கோட்டால் இணைத்துவிடு. பிறகு அந்த நான்கையும் குறுக்காக வெட்டி, இரு பக்கமும் வெளியே நீளும்படி மூன்று கோடுகள் போட்டு, வெளியே நீண்ட நுனிகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் சேர்த்துவிடு. மொத்தம் 23 புள்ளிகள் வரும். உச்சிக்கு 1, முதல் குறுக்குக் கோட்டில் இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை, அடுத்ததில் 8 முதல் 13, மூன்றாவதில் 14 முதல் 19, அடியில் 20 முதல் 23. இந்த எண்களை இருவரும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டால் கேமராவைப் பலகைப் பக்கம் திருப்ப வேண்டியதே இல்லை. இணைப்பு அறுந்தால்கூட எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பி ஆட்டத்தைத் தொடரலாம். அதனால்தான் தொலைவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு இல்லை என்கிறேன்.

புலிகள் மூன்றும் 1, 4, 5 ஆகிய இடங்களில் நிற்கட்டும். ஆடுகள் 15, முறைக்கு ஒன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. நேர்கோட்டில் அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டியுள்ள புள்ளி காலியாக இருந்தால் புலி குதித்து வெட்டலாம். நம் வீட்டு வழக்கப்படி 5 ஆடுகள் போனால் புலிக்கு வெற்றி, மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. கோயில் மண்டபத்துக் கல்தரையில் வெட்டிய கட்டத்தில், புளியங்கொட்டைகளை ஆடாக வைத்து உனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் ஆச்சி. அவள் முதலில் மூலைகளையே பிடிப்பாள், நினைவிருக்கிறதா? 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஆறிலும் நிற்கும் ஆட்டைப் புலியால் தாண்டவே முடியாது. ஆனால் மூலையிலேயே பதுங்கினால் புலியை அடைக்கவும் முடியாது. நடுவே 10-இல் ஓர் ஆட்டை வைக்கும்போது, 4-இல் புலி இருந்தால், 16-ஐ முன்பே அடைத்திருக்க வேண்டும். நீ எப்போதும் புலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பாய். இனி வாரம் இரண்டு ஆட்டம் ஆடுவோம், பக்கத்தை மாற்றிக்கொள்வோம். பொறுமையாக வளைத்துப் பிடிக்கும் ஆட்டின் பக்கத்தையும் நீ ருசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நேரத்தை உன் ஊர்க் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம், அம்மா. ஜெர்மனியில் ஞாயிறு பிற்பகல் 3 மணி என்றால் எங்களுக்கு இப்போது மாலை 6.30, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 7.30 ஆகிவிடும். அதற்குள் அம்மா விளக்கேற்றி முடித்துவிடுவாள், எனக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. உனக்கு அலுவலகக் களைப்போ வெளியூர்ப் பயணமோ இருந்தால் முதல் நாளே ஒரு வரி எழுதிவிடு. நான் தவறாக நினைக்க மாட்டேன். ஆனால் காரணம் இல்லாமல் ஒரு வாரத்தையும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகையை எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாதான் நடுவர். வெட்டுப்பட்ட ஆடுகளை எண்ணி வைப்பதும் அவள் பொறுப்பு.

இந்த ஞாயிறு முதல் ஆட்டத்தில் புலி உனக்கு. என் முதல் ஆட்டை 14-இல் இறக்கிவிட்டேன். எந்தப் புலியை எங்கே நகர்த்துகிறாய் என்று யோசித்து வை.

அன்புடன்,
அப்பா