சனிக்கிழமை ஆட்டத்துக்கும் பயிற்சி நாட்களுக்கும் சாப்பாடு: சைவப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் சாட்ஸ்வொர்த் பதினைந்து வயதுக்குட்பட்ட கால்பந்து அணியில் கறி, முட்டை இரண்டும் தொடாத பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலை கூடிய புரதப் பொடி தேவையே இல்லை. நம் சமையலறையில் இருக்கும் பீன்ஸ், பருப்பு, பால், கடலை வெண்ணெய், பழுப்பு ரொட்டி இவையே போதும். எதை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சனிக்கிழமை ஆட்டம் காலை 9 மணிக்கு. அதற்கான பலம் வெள்ளி ராத்திரியே உடம்பில் சேர வேண்டும். சோறு அல்லது மூன்று ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி, கொஞ்சம் பருப்பு, தயிர், இது போதும். காரத்தைக் குறையுங்கள். சமோசா, வடை, சிப்ஸ் அன்றைக்கு வேண்டாம். எண்ணெய் மெதுவாகத்தான் செரிக்கும்.

காலைச் சாப்பாடு ஆறரை மணிக்குள் முடியட்டும். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அப்போது சுமார் 100 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஜாமும் கடலை வெண்ணெயும் மெல்லியதாகத் தடவிய மூன்று துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், கணக்கு சரியாகிவிடும். பால், சர்க்கரை சேர்த்த மீலிமீல் சோளமாவுக் கஞ்சியோடு ஒரு வாழைப்பழமும் அதே வேலையைச் செய்யும். இட்லி இருந்தால் இன்னும் நல்லது. பயத்தில் காலையில் ஒன்றும் இறங்காத பிள்ளைகள் உண்டு. அவர்களை வற்புறுத்தாதீர்கள், மாஸ் என்ற புளித்த பாலில் வாழைப்பழத்தையும் இரண்டு ஸ்பூன் ஓட்ஸையும் அடித்துக் குடிக்கக் கொடுங்கள். எட்டரைக்குப் பசித்தால் பாதி வாழைப்பழம். குடிக்கத் தண்ணீர் போதும். காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் எந்தப் பிள்ளையின் பையிலும் இருக்கக் கூடாது, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

பீன்ஸை மட்டும் ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள். வயிறு உப்பிக்கொண்டு ஓட முடியாது. ஆட்டம் முடிந்ததும் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. கால் ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றிய பனிசௌ, டர்பன் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? இழந்த சக்திக்கு ரொட்டி, தசைக்குப் பீன்ஸ். வீட்டில் செய்தால் எண்ணெயும் நம் கையில், செலவும் குறைவு. ஷுகர் பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து மெத்தென்று வேகவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானை வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் வாரம் முழுக்க ஓடும்.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி ஐந்தரைக்கு முடிகிறது. வீட்டுச் சாப்பாடு ஏழரை, எட்டு ஆகிவிடும். அதுவரை வெறும் வயிறு கூடாது. கடலை வெண்ணெய் தாராளமாகத் தடவிய இரண்டு துண்டு பழுப்பு ரொட்டியும் ஒரு டம்ளர் மாஸும் பையில் வையுங்கள். இதிலேயே சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கும். மாஸ் கெடாமல் இருக்க, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை அதன் பக்கத்தில் வையுங்கள். பயிற்சி முடிவதற்குள் அது உருகிக் குடிக்கவும் உதவும். அப்புறம் ராத்திரி சோயா மின்ஸ் கறியும் மீலிமீல் களியும், அல்லது உடைத்த சோளமான சாம்ப்பும் பீன்ஸும், அல்லது பருப்பும் சோறும்.

பெண் பிள்ளைகளின் இரும்புச்சத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் மீலிமீலிலும் ரொட்டி மாவிலும் இரும்புச்சத்து சேர்க்க வேண்டும் என்பது சட்டம், அது நமக்கு நல்ல துணை. ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பீன்ஸ் கறியில் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ கொடுங்கள். பிள்ளை எப்போதும் சோர்ந்திருந்தாலோ, முன்பு ஓடிய தூரத்துக்கு இப்போது மூச்சு வாங்கினாலோ, கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

புரட்டாசி வருகிறது. வழக்கமாகக் கோழி சாப்பிடும் பிள்ளைகளும் அப்போது சைவமாகிவிடுவார்கள். கோழி இருந்த இடத்தில் வெறும் உருளைக்கிழங்கை வைத்தால் புரதம் விழுந்துவிடும். பீன்ஸோ சோயாவோ வையுங்கள். புரட்டாசிச் சனி விரதம் ஆட்ட நாளிலேயே விழும். அன்று விளையாடும் பிள்ளை பட்டினியோடு மைதானத்துக்கு வரக் கூடாது. பால், பழம் மட்டுமாவது வயிறார எடுக்கட்டும். அதுவும் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த வாரம் ஓய்வு கொடுப்போம். அதனால் அணியில் அவர்கள் இடம் போகாது.

நிலக்கடலை, பால், சோயா இதில் எதற்காவது ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள். மைதானத்தில் எல்லோரும் பகிர்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

அன்புடன்,
அணியின் உணவுப் பொறுப்பாளர்