நம் செக்கு எண்ணெய்க் கடையின் பதிவு நடைக் கையேடு

பொங்கல் வாரத்தில் நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்த மூன்று பதிவுகளில் ஒன்று “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே” என்றும், இன்னொன்று “ஹாய் கைஸ்” என்றும், மூன்றாவது “வாங்க மக்களே” என்றும் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, பல ஆண்டுகளாக நம்மிடம் நல்லெண்ணெய் வாங்கும் ஓர் அம்மா, கடை கைமாறிவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டார். பதிவு எழுதும் நால்வரும் ஒரே குரலில் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்தக் கையேடு.

கல்லாவில் நின்றபடி, தெரிந்தவரிடம் மரியாதையோடும் அவசரமில்லாமலும் பேசும் குரலே நம் குரல். படிப்பவரை எப்போதும் “நீங்கள்” என்றே அழைக்கிறோம். பதிவை விளிச்சொல்லோடு தொடங்குவதில்லை. எளிய எழுத்து நடையில் எழுதுவதால் “வாங்க” இல்லை, “வாருங்கள்”. “வருகை தருமாறு வேண்டுகிறோம்” என்ற அழைப்பிதழ் நடையும் வேண்டாம். கடை செய்த வேலையைச் சொல்லும்போது “நாங்கள்” என்று எழுதவும்; வாங்குபவரையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் “நாம்” வரலாம்.

நாம் அதிகம் சறுக்குவது புகழ்ச்சொற்களில்தான். “நூறு சதவீதம் தூய்மையான, பாரம்பரியம் மிக்க நல்லெண்ணெய்” என்று எந்தக் கடையும் எழுதிவிட முடியும். அதற்குப் பதிலாக, செக்கடியில் நின்று பார்த்ததை எழுதுங்கள்: “இன்று காலை எள்ளோடு கருப்பட்டி சேர்த்து வாகை மரச் செக்கில் ஆட்டினோம். இரண்டு நாள் வெயிலில் தெளிந்தபின் புதன்கிழமை புட்டியில் கிடைக்கும்.” இதில் புகழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் மணம் இருக்கிறது. முதல் வரியிலேயே செய்தி வந்துவிட வேண்டும், ஏனெனில் மீதியைப் படிக்க “மேலும்” என்பதைத் தொட வேண்டியிருக்கும், பலர் தொடுவதில்லை.

சர்க்கரை நோய் குறையும், மூட்டுவலி போகும் என்பன போன்ற வாக்குறுதிகளை, வாடிக்கையாளரே சொன்னாலும், எழுதக் கூடாது. “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்பதையும் விட்டுவிடுங்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பெயரளவுக்கு மேல் இருப்பதில்லை என்பதால், நம் எண்ணெய்க்கு மட்டுமான சிறப்பாக அதைக் காட்டுவது நேர்மையாகாது. குறை போலத் தெரிவதை மறைக்காமல் நாமே முந்திச் சொல்லலாம்: “மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது அதன் இயல்பு. வெந்நீரில் புட்டியைச் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும்.”

“எண்ணை” அன்று, “எண்ணெய்”. அளவையும் விலையையும் எண்ணில் எழுதவும். வியப்புக்குறி வேண்டாம், படக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

எழுதியவர் தாமே வெளியிடாமல், இன்னொருவர் வாய்விட்டுப் படித்தபின் வெளியிட வேண்டும். படிப்பவர் நாக்கு தடுக்கும் வரியை, எழுதியவரே திருத்துவார்.