மேலாண்மைக் கணக்கியல் பயிற்சித் தாள்: பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்டும் நிதிசாரா அளவுகோல்களும்

நேரம்: 1 மணி 30 நிமிடம். மொத்தம் 50 மதிப்பெண். இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதவும். கணக்குகளுக்குச் செய்முறை காட்டவும்; சதவீதங்களை ஒரு தசம இடத்திற்கு எழுதினால் போதும். திருத்தும் குறிப்பு தாளின் பின்பகுதியில் உள்ளது. எழுதி முடித்த பிறகு பார்க்கவும்.

கேள்வி 1 (30 மதிப்பெண்)

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சொந்தமாக ஓர் ஆலை உண்டு. தோட்டத்துக் குலைகளை மட்டுமே ஆலை பிழிகிறது. வெளியாரிடம் பழம் வாங்குவதில்லை. கச்சா எண்ணெய் முழுவதும் ஒரே சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு விற்கப்படுகிறது. கட்டற்ற கொழுப்பு அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தொகுதிக்கு விலை குறைக்கப்படும் என்பது ஒப்பந்தம்.

சென்ற ஆண்டு இறுதியில் புது மேலாளர் பொறுப்பேற்றார். செலவைக் குறைக்கும்படி அவருக்கு உத்தரவு. ஆலைப் பராமரிப்பையும் பழம் வெட்டுவோருக்கான பயிற்சியையும் அவர் சுருக்கினார். இரண்டு ஆண்டுகளின் விவரம்:

| விவரம் | சென்ற ஆண்டு | இவ்வாண்டு |
|---|---|---|
| செயற்பாட்டு இலாபம் (ரிங்கிட்) | 96 லட்சம் | 104 லட்சம் |
| எண்ணெயின் சராசரி விலை, டன்னுக்கு (ரிங்கிட்) | 3,800 | 4,000 |
| பராமரிப்புச் செலவு (ரிங்கிட்) | 21 லட்சம் | 15 லட்சம் |
| பிழிந்த குலை (டன்) | 1,20,000 | 1,26,000 |
| கிடைத்து விற்ற எண்ணெய் (டன்) | 24,240 | 24,318 |
| அனுப்பிய எண்ணெய்த் தொகுதிகள் | 240 | 248 |
| அதில் 5 சதவீத அமில வரம்பைத் தாண்டியவை | 6 | 31 |
| வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்த குலை | 91% | 74% |
| திட்டமிட்ட ஆலை ஓட்ட நேரம் (மணி) | 4,800 | 4,800 |
| பழுதால் நின்ற நேரம் (மணி) | 192 | 384 |
| பழம் வெட்டுவோர், ஆண்டுச் சராசரி | 220 | 210 |
| வேலையை விட்டு விலகியோர் | 33 | 63 |
| தலைக்குப் பயிற்சி நேரம் (மணி) | 16 | 6 |

விலை என்பது அமிலக் கழிவு எதுவும் சேராத சந்தை விலை. கழிவுத் தொகை இலாபத்தில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது.

இயக்குநர் குழுவுக்கு மேலாளர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி: "இலாபம் 8.3 சதவீதம் உயர்ந்துள்ளது. செலவுக் கட்டுப்பாடு பலன் தந்திருக்கிறது."

(அ) இரண்டு ஆண்டுகளுக்கும் எண்ணெய் எடுப்பு விகிதம், வரம்பு தாண்டிய தொகுதிகளின் சதவீதம், பழுதால் இழந்த நேரத்தின் சதவீதம், தொழிலாளர் விலகல் விகிதம் ஆகியவற்றைக் கணக்கிடுக. (8)

(ஆ) மேலாளரின் வரியை எண்களோடு மதிப்பிடுக. (6)

(இ) தோட்டத்துக்கு ஒரு பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்ட் அமைக்கவும். நான்கு பார்வைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிக்கோளும், அதற்குரிய ஓர் அளவுகோலும், அடுத்த ஆண்டுக்கான ஓர் இலக்கும் தருக. (8)

(ஈ) மேலே உள்ள விவரங்களிலிருந்து, கற்றல் பார்வையிலிருந்து நிதிப் பார்வை வரை செல்லும் ஒரு காரண-விளைவுச் சங்கிலியை விளக்குக. எவை முன்னறிவிக்கும் அளவுகோல்கள், எவை பின்னர் தெரியவரும் அளவுகோல்கள் என்று குறிப்பிடவும். (5)

(உ) வெட்டிய குலையின் எடைக்கு மட்டும் மண்டோர்களுக்கு ஊக்கத்தொகை தர மேலாளர் யோசிக்கிறார். இதில் எழக்கூடிய சிக்கலை விளக்கி, ஒரு மாற்றைப் பரிந்துரைக்கவும். (3)

கேள்வி 2 (20 மதிப்பெண்)

அதே பட்டணத்தில் கோயில் நிர்வாகம் ஒன்று, தோட்டப் பிள்ளைகளுக்காக எஸ்.பி.எம். கணித வகுப்பை இலவசமாக நடத்துகிறது. செலவு முழுவதும் நன்கொடை. சென்ற ஆண்டு 60 மாணவர்கள், செலவு 54,000 ரிங்கிட், தேர்ச்சி பெற்றவர்கள் 48 பேர். இவ்வாண்டு 75 மாணவர்கள், செலவு 60,000 ரிங்கிட், தேர்ச்சி 54 பேர். ஆசிரியர் எண்ணிக்கை இரண்டு ஆண்டும் ஒன்றே.

(அ) சிக்கனம், செயல்திறன், பயனுறுதி என்ற மூன்றையும் வேறுபடுத்தி, கிடைக்கும் எண்களைக் கொண்டு வகுப்பின் இரண்டு ஆண்டுச் செயல்பாட்டை ஒப்பிடுக. (9)

(ஆ) இந்த வகுப்புக்கு ஸ்கோர்கார்ட் அமைத்தால் நிதிப் பார்வை எங்கே அமர வேண்டும்? காரணம் கூறுக. (4)

(இ) தேர்ச்சி எண்ணிக்கையை மட்டும் பார்த்து நன்கொடையாளர்கள் முடிவெடுப்பதில் உள்ள ஆபத்துகளை விளக்கி, இரண்டு மாற்று அளவுகோல்களைத் தருக. (7)

திருத்தும் குறிப்பு

*கேள்வி 1 (அ).* ஒவ்வொரு சரியான எண்ணுக்கும் 1 மதிப்பெண். எண்ணெய் எடுப்பு விகிதம் 24,240 ÷ 1,20,000 = 20.2%; இவ்வாண்டு 24,318 ÷ 1,26,000 = 19.3%. வரம்பு தாண்டிய தொகுதிகள் 2.5%, 12.5%. பழுது 4.0%, 8.0%. விலகல் 15.0%, 30.0%. விலகலை ஆண்டுச் சராசரி ஆள் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். 63-ஐ 220-ஆல் வகுத்து 28.6% எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் இருப்பார்கள். அது சென்ற ஆண்டின் ஆட்கள். அந்த எண்ணுக்கு மதிப்பெண் இல்லை.

*(ஆ).* இந்தக் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 8.3% சரியான எண். 8 ÷ 96. கணக்கைச் சரிபார்த்து "மேலாளர் சொல்வது உண்மை" என்று முடித்தால் 1 மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க வேண்டாம். டன்னுக்கு 200 ரிங்கிட் விலை உயர்வு 24,318 டன்னுக்கு 48.6 லட்சம் ரிங்கிட் தந்திருக்கிறது. அதைக் கழித்தால் இவ்வாண்டு இலாபம் ஏறக்குறைய 55.4 லட்சம். சென்ற ஆண்டின் 96 லட்சத்தோடு ஒப்பிட்டால் 40 லட்சத்துக்கு மேல் சரிவு. விலை மேலாளரின் கையில் இல்லை. பராமரிப்பில் மிச்சமானது வெறும் 6 லட்சம். அதற்கு எதிரே நிறுத்த வேண்டிய எண்: எடுப்பு விகிதம் 0.9 சதவீதப் புள்ளி குறைந்ததால் 1,26,000 டன் குலையில் இழந்த எண்ணெய் 1,134 டன்; 4,000 ரிங்கிட் விலையில் 45.4 லட்சம். விலை விளைவுக்கு 3, எண்ணெய் இழப்புக்கு 2, முடிவுரைக்கு 1. விகிதம் "0.9 சதவீதம் குறைந்தது" என்று எழுதுவது பிழை. 20.2-இலிருந்து 19.3 என்பது ஒப்பீட்டளவில் 4.5 சதவீதக் குறைவு. இதற்கு அரை மதிப்பெண் வெட்டவும்.

எடுப்பு விகிதம் குறைந்ததற்கு மழையோ மர வயதோ காரணமாக இருக்கலாம், முழுப் பழியையும் பயிற்சிக் குறைப்பின்மேல் போட முடியாது என்று எழுதுபவருக்கு முடிவுரைக்கான மதிப்பெண்ணைத் தாராளமாகத் தரவும்.

*(இ).* பார்வை ஒன்றுக்கு 2. அளவுகோல் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "வாடிக்கையாளர் திருப்தி" என்று மட்டும் எழுதி அதற்கு அலகும் மூலமும் சொல்லாத விடை வருவது வழக்கம். குறிக்கோள் பகுதிக்கு அரை மதிப்பெண் தந்து, அளவுகோலுக்குச் சுழியம் போடவும். ஏற்கத்தக்கவை:

நிதி: நிலையான விலையில் டன் குலைக்கு ஈட்டும் இலாபம். விலை ஏற்ற இறக்கத்தை விலக்கிய அளவுகோல் என்பதால் வெறும் மொத்த இலாபத்தைவிட இது மேல். வாடிக்கையாளர்: வரம்பு தாண்டிய தொகுதிகளை 12.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவருதல். உள்ளகச் செயல்முறை: 24 மணி நேரத்துக்குள் வரும் குலை 88 சதவீதம், அல்லது பழுது நேரம் 5 சதவீதம். கற்றல்: தலைக்கு 14 மணி பயிற்சி, அல்லது விலகல் 20 சதவீதம்.

இலக்கு ஓராண்டில் எட்டக்கூடியதா என்று பார்க்கவும். பழுது 8 சதவீதத்திலிருந்து சுழியம் என்று எழுதினால் அந்தப் பாதி மதிப்பெண் போகும். 1992-இல் ராபர்ட் கேப்ளனும் டேவிட் நார்ட்டனும் இந்த அட்டையை அறிமுகப்படுத்திய கட்டுரையில் நான்காவது பார்வைக்குப் புதுமையும் கற்றலும் என்றே பெயர். பிறகுதான் கற்றலும் வளர்ச்சியும் ஆயிற்று. எந்தப் பெயரில் எழுதினாலும் ஏற்கவும். பெயர்களையும் ஆண்டையும் எழுதியதற்காகத் தனி மதிப்பெண் இல்லை.

*(ஈ).* எதிர்பார்க்கும் சங்கிலி: பயிற்சி குறைந்து பழக்கப்பட்டவர்கள் விலக, புதியவர்கள் பழுக்காத குலையை வெட்டுகிறார்கள், உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விடுகிறார்கள், எடுப்பு விகிதம் குறைகிறது, வருமானம் இழப்பாகிறது. இன்னொரு கிளை: பழுதால் ஆலை நிற்கும்போது குலை ரேம்ப்பில் காத்திருக்கிறது. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலத்தை ஏற்றுகிறது. ஆவியில் வேகவைத்தால்தான் அது நிற்கும். தாமதம் கூடக் கூட அமிலமும் கூடும், வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

நல்ல விடை இங்கே ஒரு சந்தேகத்தையும் எழுப்பும். 91 சதவீதம் 74 ஆனது வயலுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட நேரம். அது லோரிப் பற்றாக்குறையாலும் இருக்கலாம், ஆலை வாசலில் லோரிகள் வரிசை நின்றதாலும் இருக்கலாம். அட்டவணையில் லோரி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆலை வாசலில் காத்திருந்த நேரத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று எழுதியவருக்கு 1 மதிப்பெண். பயிற்சி, விலகல், பழுது நேரம் ஆகியவை முன்னறிவிப்பவை. இலாபம் பின்னர் தெரிவது. எடுப்பு விகிதத்தை இரண்டில் எதில் வைத்தாலும் காரணம் சொன்னால் ஏற்கவும்: பயிற்சிக்கு அது பின்னது, இலாபத்துக்கு அது முன்னது.

*(உ).* எடைக்கு மட்டும் பணம் என்றால் பச்சைக் குலையும் எடைதான். நீண்ட காம்பும் எடைதான். உதிரிப் பழம் பொறுக்க நேரம் ஆகும், அந்த நேரத்தில் இன்னொரு குலையை வெட்டலாம். மாற்று: எடையோடு பழுத்த குலைச் சதவீதத்தையும் சேர்த்து, ஆலை வாசல் தரப் பரிசோதனையில் ஒரு வரம்புக்குக் கீழ் போனால் ஊக்கத்தொகை குறையும்படி அமைத்தல். பரிசோதிப்பவர் அந்த மண்டோரின் கீழ் வேலை செய்பவராக இருக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

*கேள்வி 2 (அ).* மாணவர் ஒருவருக்கான செலவு 900 ரிங்கிட்டிலிருந்து 800 ஆனது, செயல்திறன் கூடியிருக்கிறது. தேர்ச்சி விகிதம் 80 சதவீதத்திலிருந்து 72 ஆனது, பயனுறுதி குறைந்திருக்கிறது. ஒரு தேர்ச்சிக்கான செலவு 1,125 ரிங்கிட்டிலிருந்து 1,111 ஆனது. ஏறக்குறைய அசையவே இல்லை. சிக்கனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த எண்கள் போதாது: ஆசிரியர் சம்பளம், வாடகை, அச்சுச் செலவு என்று உள்ளீடுகள் எந்த விலைக்கு வாங்கப்பட்டன என்பது தெரியவில்லை. மொத்தச் செலவு 6,000 கூடியதைக் காட்டிச் "சிக்கனம் குறைந்தது" என்று எழுதினால் 2 மதிப்பெண் வெட்டவும். ஆசிரியர் எண்ணிக்கை மாறாமல் மாணவர் 25 சதவீதம் கூடியதைத் தேர்ச்சிச் சரிவோடு இணைத்துப் பார்த்தவருக்கு 2 தரவும்.

*(ஆ).* மேலே அல்ல. நன்கொடை வரம்புக்குள் நடத்துவது ஒரு கட்டுப்பாடு; பிள்ளைகள் தேறுவதுதான் நோக்கம். பிள்ளைகளும் பெற்றோரும் ஒரு புறம், நன்கொடையாளர் மறுபுறம் என இரண்டு வகை வாடிக்கையாளர் இருப்பதைக் கண்டவருக்குக் கூடுதலாக 1.

*(இ).* எண்ணிக்கை மட்டும் பார்த்தால் 48-லிருந்து 54 என்பது முன்னேற்றமாகவே தெரியும். அடுத்த ஆண்டு, தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு எண்ணைத் தூக்கலாம். உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளை வாசலோடு திரும்பிப் போகும். மாற்று: சேரும்போது எழுதிய சோதனைக்கும் இறுதித் தேர்வுக்கும் இடையிலான மதிப்பெண் முன்னேற்றம், வருகைச் சதவீதம், பாதியில் நின்றவர் எண்ணிக்கை. ஆபத்துக்கு 3, அளவுகோல் ஒன்றுக்கு 2. வருகையை எழுதுபவர், லயத்திலிருந்து மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பேருந்து இருக்கிறதா என்பதையும் கேட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.